காணி எடுத்தல் அறிவித்தலை எளிய தமிழில் எழுதுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஒழுங்கையில் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். அயலவர்களுக்கு விளங்கும்படி எழுதித் தருமாறு என்னிடம் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

அறிவித்தலின் தலைப்பில் உள்ள பிரிவு இலக்கத்திலிருந்து தொடங்குங்கள். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் ஒரு காணி பல படிகளைக் கடந்தே அரசின் கைக்குப் போகிறது. ஒவ்வொரு படிக்கும் தனி அறிவித்தல் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மக்கள் செய்ய வேண்டிய காரியமும் வேறு. 2ஆம் பிரிவின் கீழ் வருவது, இப்பகுதியில் பொதுத் தேவைக்குக் காணி வேண்டும், அதனை ஆராயவும் அளக்கவும் அலுவலர்கள் உள்ளே வருவார்கள் என்று சொல்லும் அறிவித்தல். 4ஆம் பிரிவின் கீழ் வருவது, குறித்த ஒரு காணியை எடுக்க எண்ணியிருப்பதைச் சொல்லி, ஆட்சேபம் இருந்தால் 14 நாட்களுக்குக் குறையாத ஒரு காலத்துக்குள் எழுத்தில் தரும்படி கேட்கும். 5ஆம் பிரிவில் அக்காணி தேவை என்ற பிரகடனம் வர்த்தமானியில் வெளியாகும். அதன் பிறகே 7ஆம் பிரிவின் அறிவித்தல் வரும். அது கேட்பது நட்டஈட்டுக் கோரிக்கையை.

நம்முடைய பக்கத்தில் அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். 7ஆம் பிரிவு அறிவித்தலைக் கண்ட குடும்பம் "எங்கள் காணியைத் தரமாட்டோம்" என்று ஓர் ஆட்சேபக் கடிதம் எழுதி, அதையே தம் பதிலாகக் கருதி இருந்துவிடுகிறது. ஆட்சேபம் கேட்கும் படி 4ஆம் பிரிவோடு முடிந்துவிட்டது. 5ஆம் பிரிவின் பிரகடனத்தை, அக்காணி தேவை என்பதற்கு முடிவான சான்றாகச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதை எதிர்க்க விரும்புபவர் ஒரு சட்டத்தரணி மூலம் நீதிமன்றம் செல்வதைப் பற்றி யோசிக்க வேண்டுமே தவிர, பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதம் அந்த வேலையைச் செய்யாது. ஆகவே உங்கள் எளிய தாளின் முதல் வரியே, இது எந்தப் படி, இந்தப் படியில் கேட்கப்படுவது என்ன என்பதைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கம் முழுவதும் 7ஆம் பிரிவு அறிவித்தலைப் பற்றியது. மக்கள் கையில் கிடைக்கும் அறிவித்தல்களில், விளங்காமற் போனால் பணமாகவே இழப்பு வரக்கூடியது அது.

வாசித்துப் பார்த்தால் எல்லாமே ஒரே வசனமாக இருக்கிறது. இதை எப்படிப் பிரிப்பது?

இத்தகைய அறிவித்தல்களின் நடையில், எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த ஒரு வசனம் இது. திகதிகளும் காணியும் கற்பனையானவை, கடமைகள் சட்டத்தில் உள்ளவை.

"இதன் கீழுள்ள அட்டவணையில் விபரிக்கப்பட்ட காணியில் அக்கறையுடைய ஆட்கள் அனைவரும், ஜூன் மாதம் 26ஆம் திகதி வெள்ளிக்கிழமை மு.ப. 9.30 மணிக்குப் பிரதேச செயலகத்தில் நேரடியாகவோ எழுத்து மூலம் முறைப்படி அதிகாரமளிக்கப்பட்ட முகவர் மூலமாகவோ என் முன்னிலையில் தோற்றுமாறும், மேற்சொன்ன திகதிக்கு ஆகக் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன்னதாக, காணியிலுள்ள தத்தம் அக்கறைகளின் தன்மையையும் நட்டஈட்டுக்கான தத்தம் கோரிக்கையின் விபரங்களையும் நட்டஈட்டுத் தொகையையும் அத்தொகை கணிக்கப்பட்ட விபரங்களையும் இரட்டைப் பிரதிகளில் எழுத்து மூலம் எனக்கு அறிவிக்குமாறும் இத்தால் பணிக்கப்படுகின்றனர்."

வாசிப்பவரின் கண்ணில் படும் ஒரே திகதி ஜூன் 26. ஆனால் அவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, அதாவது கோரிக்கையை எழுதிக் கொடுப்பது, வசனத்தின் பின்பாதியில் இருக்கிறது. அதற்குரிய திகதி அச்சிடப்படவே இல்லை. இரண்டாவதாக நடக்கும் விசாரணை முன்னாலும், முதலில் முடிக்க வேண்டிய எழுத்து வேலை பின்னாலும் இருப்பதால், ஒழுங்காக வாசித்தவர்கூட 26ஆம் திகதி வெறுங்கையோடு போய் நிற்பார்.

ஒரு தாளை எடுத்து, வினைச்சொல்லாக வரும் ஒவ்வொரு காரியத்தையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்: தோற்றுதல், முகவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்தல், கோரிக்கையை அறிவித்தல், அதனை இரண்டு பிரதிகளில் செய்தல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் செய்ய வேண்டும், எந்த நாளுக்குள், யாரிடம் என்பதை எழுதுங்கள். பிறகு நாள் வரிசைப்படி அவற்றை மாற்றி அடுக்குங்கள். எளிய தாளுக்கான ஒழுங்கு அதிலேயே கிடைத்துவிடும். சட்ட வசனத்தை ஒவ்வொரு சொல்லாக மாற்றிக்கொண்டு போவதால் இந்த ஒழுங்கு வராது. கடினமான சொற்கள் போய் இலேசான சொற்கள் வந்த அதே குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்து, திகதியைக் கணித்து எழுதுங்கள். 26க்கு ஏழு நாட்களுக்கு முந்திய நாள் 19, வெள்ளிக்கிழமை. இடையில் ஏழு முழு நாட்கள் இருக்க வேண்டும் என்று யாராவது எண்ணினால் அது 18 ஆகும். ஒரு நாளை வைத்து வாதாட வேண்டிய நிலைக்கு அயலவரைத் தள்ள வேண்டாம். "18ஆம் திகதி வியாழக்கிழமைக்குள்" என்று தாளில் எழுதி, அறிவித்தலில் உள்ள "ஏழு நாட்களுக்கு முன்" என்ற நிபந்தனையையும் அதன் கீழே குறிப்பிடுங்கள். உங்கள் எச்சரிக்கையைச் சட்டத்தின் திகதியாக எழுதிவிடாமல், இரண்டையும் காட்டுவதே நேர்மை.

இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். அறிவித்தல் காணியிலோ அதன் அருகிலோ முதன்முதல் ஒட்டப்பட்ட நாளுக்குப் பின் 21ஆம் நாளுக்கு முன்னதாக விசாரணை நாள் குறிக்கப்படக் கூடாது என்பது சட்டம். ஜூன் 3ஆம் திகதி ஒட்டப்பட்டிருந்தால் 21ஆம் நாள் ஜூன் 24. எனவே 26 சரி. ஒட்டிய நாளைக் கிராம சேவகரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டியிருந்த நிலையில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். கணக்கு இடித்தால் அதைச் சட்டத்தரணியிடம் காட்ட வேண்டும். எனினும் கோரிக்கையைக் கொடுப்பதை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

"அக்கறையுடைய ஆட்கள்" என்றால் உறுதியில் பெயர் உள்ளவர்கள் மட்டுமா?

இல்லை. இதை "காணிச் சொந்தக்காரர்" என்று சுருக்கி எழுதுவதுதான் எளிய தாள்கள் செய்யும் மிகப் பெரிய தீங்கு. சட்டம் இந்தச் சொற்றொடருக்குத் தரும் பொருளில் உரிமையாளர், கூட்டு உரிமையாளர், காணியை ஈடாகப் பெற்றிருப்பவர், குத்தகைக்கு எடுத்தவர் ஆகியோர் அடங்குவர். வேறொருவருக்காகவோ, கோயில், பள்ளிவாசல் போன்ற ஒரு சமயத் தேவைக்காகவோ நம்பிக்கைப் பொறுப்பில் காணியை வைத்திருப்பவரும், அக்காணியின் மேல் நடைபாதை போன்ற ஓர் உரிமை உள்ளவரும் அடங்குவர். மாத வாடகைக்கு இருப்பவர் மட்டும் வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறார். அதையும் தாளில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் வீணாக அலைவார்.

வாசிப்பவர் தம்மை இனங்கண்டுகொள்ளும்படி இதைக் கேள்விகளாக எழுதுவது நல்லது. "இந்தக் காணி உங்கள் பெயரிலோ, உங்கள் சகோதரர்களோடு சேர்ந்தோ இருக்கிறதா? உங்கள் தாய் தகப்பனின் பெயரில் இருந்து, அவர்கள் காலமான பின் பிரிக்கப்படாமல் இருக்கிறதா? இதை ஈடாகப் பிடித்துப் பணம் கொடுத்திருக்கிறீர்களா? எழுதிய குத்தகை உங்களிடம் உண்டா? உங்கள் வீட்டுக்குப் போகும் பாதை இந்தக் காணிக்குள்ளால் போகிறதா?" இவற்றில் ஒன்றுக்கு "ஓம்" என்பவர் தாளைத் தொடர்ந்து வாசிக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

திருகோணமலை மாவட்டத்தில் பிரிக்கப்படாத முதுசக் காணி சாதாரணம். அதன் பங்காளிகளில் ஒருவர் கிண்ணியாவிலும் ஒருவர் கொழும்பிலும் ஒருவர் வெளிநாட்டிலும் இருப்பதும் சாதாரணம். ஊரில் இருப்பவர் கோரிக்கை கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் போதும் என்ற எண்ணத்தைத் தாள் உடைக்க வேண்டும். ஒவ்வொரு பங்காளியும் தம் பங்கைச் சொல்லித் தாமே எழுதலாம். அல்லது ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவரின் அற்றோணித் தத்துவம் வந்து சேர நாட்கள் எடுக்கும் என்பதால், இந்த வரி தாளின் மேற்பகுதியிலேயே வர வேண்டும்.

யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் உறுதிகளை இழந்த குடும்பங்கள் நம் கரையோரத்தில் பல. "உறுதி இல்லை, எனவே இது எங்களுக்கு அல்ல" என்று அவர்களே ஒதுங்கிவிடுகிறார்கள். உறுதியின் மூலம் தொலைந்தாலும், நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பிய இணைப் பிரதி அங்கே இருக்கும்; காணியின் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியையும் கட்டணம் செலுத்திப் பெறலாம். அரச காணிக்கான அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப்பத்திரம் வைத்திருப்பவர்களும் தாமாக விலகிவிடாமல், அந்தப் பத்திரத்தோடு போய்த் தம் நிலையைக் கேட்டறிய வேண்டும்.

அட்டவணையில் படத்தின் இலக்கமும் ஹெக்டெயாரும் மட்டும்தான் இருக்கின்றன. எந்தக் காணி என்றே தெரியவில்லை.

அட்டவணையில் கவனிக்க வேண்டியவை நான்கு: நில அளவையாளர் தயாரித்த படத்தின் இலக்கம், அதில் உள்ள துண்டு இலக்கம், பரப்பளவு, உரிமை கோருபவரின் பெயர். உங்கள் உறுதியில் உள்ள துண்டு இலக்கமும் இந்தத் துண்டு இலக்கமும் ஒன்றல்ல. இது காணியை எடுப்பதற்காகவே புதிதாக அளந்து இட்ட இலக்கம். ஓர் உறுதிக்குரிய வளவு இதில் இரண்டு மூன்று துண்டுகளாக வந்திருக்கலாம். ஆகவே படத்தைப் பிரதேச செயலகத்தில் பார்த்து, எந்தத் துண்டு எந்த வீட்டின் முன்னால் வருகிறது என்பதை ஊர் அடையாளங்களோடு எழுதுங்கள்: "துண்டு 4: பொதுக் கிணற்றுக்கு அடுத்த வளவின் வீதியோரப் பகுதி". படத்தைப் பார்க்காமல் ஊகித்து எழுத வேண்டாம். இந்த ஒரு வரி பிழைத்தால் தாள் முழுவதும் தவறான வீட்டுக்குப் போய்விடும்.

நம் மக்கள் காணியைப் பேர்ச்சில்தான் நினைக்கிறார்கள். ஒரு பேர்ச் ஏறத்தாழ 0.00253 ஹெக்டெயார்; ஒரு ஹெக்டெயார் ஏறத்தாழ 395 பேர்ச். அட்டவணையில் 0.0253 ஹெக்டெயார் என்றிருந்தால் "0.0253 ஹெக்டெயார், அதாவது ஏறத்தாழ 10 பேர்ச்" என்று இரண்டையும் எழுதுங்கள். ஹெக்டெயாரை விட்டுவிட்டுப் பேர்ச்சை மட்டும் எழுதினால், கோரிக்கையில் வேறு அளவு போய்ச் சேரும்.

உரிமை கோருபவர் என்ற இடத்தில் ஒருவரின் பெயர் இருப்பதனால் காணி அவருக்கு என்று முடிவாகிவிடாது; உங்கள் பெயர் இல்லாததனால் உங்கள் உரிமை போய்விடவும் மாட்டாது. யாருக்கு என்ன உரிமை என்பது விசாரணையிலும் அதன் பின்னரும் தீர்மானிக்கப்படும் விடயம். குடும்பச் சண்டைகள் பல இந்த ஒரு நிரலை வாசித்த அன்றே தொடங்குவதால், இதைத் தாளில் தெளிவாக எழுதுவது கட்டாயம் என்று நான் கருதுகிறேன்.

முழுத் தாளும் கடைசியில் எப்படி இருக்கும்?

மேலே கண்ட கற்பனை அறிவித்தலுக்கு நான் எழுதும் தாள் இது. அறிவித்தல் கற்பனை என்பதால் ஆண்டையும் கிராம சேவகர் பிரிவையும் வர்த்தமானியின் இலக்கத்தையும் திகதியையும் இங்கே விட்டிருக்கிறேன்; உங்கள் தாளில் அவை மேலே வர வேண்டும்.

*துண்டு 4இல் உள்ள காணியை அரசு எடுக்கப் போகிறது. நட்டஈடு கேட்க விரும்புபவர்கள் ஜூன் 18, வியாழக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.*

*இது காணி எடுத்தற் சட்டத்தின் 7ஆம் பிரிவின் அறிவித்தலுக்கான விளக்கம். ஆட்சேபம் கேட்கும் அறிவித்தல் அல்ல. காணி: துண்டு 4, பொதுக் கிணற்றுக்கு அடுத்த வளவின் வீதியோரப் பகுதி, 0.0253 ஹெக்டெயார், ஏறத்தாழ 10 பேர்ச். படத்தின் இலக்கம் அறிவித்தலில் உள்ளது.*

*இந்தக் காணியில் உங்களுக்குச் சொந்தமோ பங்கோ இருந்தால், அல்லது ஈடு, எழுதிய குத்தகை, பாதை உரிமை இருந்தால், இது உங்களுக்குரியது. அட்டவணையில் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் நீங்கள் கோரலாம். பங்காளிகளில் ஒருவர் கொடுத்தால் எல்லோருக்கும் போதாது: ஒவ்வொருவரும் தம் பங்கைச் சொல்லித் தாமே எழுதலாம், அல்லது ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்கலாம். மாத வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.*

*முதலாவது வேலை, ஜூன் 18க்குள்: ஒரு கடிதம் எழுதுங்கள். காணியில் உங்களுக்கு உள்ள உரிமை என்ன, எதற்காக நட்டஈடு கேட்கிறீர்கள், எவ்வளவு கேட்கிறீர்கள், அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். இரண்டு பிரதிகளைப் பிரதேச செயலாளரிடம் கொடுங்கள். மூன்றாவது பிரதியில் பெற்றுக்கொண்ட திகதி முத்திரையை வாங்கி வீட்டில் வையுங்கள். (விசாரணைக்கு ஆகக் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன் என்பது அறிவித்தலின் நிபந்தனை.)*

*இரண்டாவது வேலை, ஜூன் 26, வெள்ளிக்கிழமை, காலை 9.30: பிரதேச செயலகத்தில் நடக்கும் விசாரணைக்குப் போங்கள். உறுதி, அதன் பதிவேட்டுப் பிரதி, அடையாள அட்டை, உங்கள் கடிதத்தின் பிரதி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். நீங்கள் போக முடியாவிட்டால் உங்களுக்காகப் போகிறவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள்.*

*இது விளங்குவதற்காக எழுதியது. சட்டப்படி செல்லுபடியாவது வர்த்தமானியில் வந்த அறிவித்தலே.*

தலைப்பில் "அறிவித்தல்" என்ற சொல்லை நான் போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஓடிப்போகிறவர் தலைப்பை மட்டும் வாசித்தாலும் எந்தத் துண்டு, எந்த நாள், என்ன வேலை என்ற மூன்றும் அவரிடம் சேர வேண்டும். அதே போல "பணிக்கப்படுகின்றனர்" என்பது "எழுதுங்கள்", "போங்கள்" என்று நேர்ப்பேச்சாக மாறியிருக்கிறது. கட்டாயமானதற்கு "வேண்டும்", விருப்பத்துக்கு விடப்பட்டதற்கு "லாம்" என்ற வேறுபாட்டைத் தாள் முழுவதும் இறுக்கமாகக் காப்பாற்றுங்கள். மரியாதைக்காக "கொடுக்கலாம்" என்று எழுதிய ஒரு கடமையை, வாசிப்பவர் செய்யாமல் விட்டுவிடுவார்.

"தொகை கணிக்கப்பட்ட விபரங்கள்" என்பதைச் சாதாரண ஆட்கள் எப்படி எழுதுவார்கள்?

இந்த இடத்தில் விளக்கம் போதாது. மாதிரி ஒன்று வேண்டும். "எனக்கு உரிய நட்டஈட்டைத் தரவும்" என்று எழுதப்பட்ட கோரிக்கைகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதில் தொகையும் இல்லை, கணக்கும் இல்லை. சட்டம் கேட்ட நான்கில் இரண்டு விடுபட்டுவிடுகின்றன.

ஒரு கற்பனைக் கணக்கு இது. விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக மட்டும் இட்டவை. நிலம் 10 பேர்ச், பேர்ச் ஒன்றுக்கு 300,000 ரூபாய் வீதம் 3,000,000 ரூபாய். மதில் 40 அடி, அடி ஒன்றுக்கு 2,500 ரூபாய் வீதம் 100,000 ரூபாய். காய்க்கும் தென்னை இரண்டு, ஒன்றுக்கு 25,000 ரூபாய் வீதம் 50,000 ரூபாய். மொத்தம் 3,150,000 ரூபாய். இப்படி வரி வரியாக எழுதி, ஒவ்வொரு விலைக்கும் எங்கிருந்து வந்தது என்ற ஆதாரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அயலில் அண்மையில் விற்ற ஒரு காணியின் உறுதிப் பிரதி, தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை, மேசனின் மதிப்பீடு. வீடு மாற வேண்டி வருவதால் ஏற்படும் செலவு, காணியில் நடந்த கடையின் வருமான இழப்பு, எடுத்தது போக எஞ்சும் துண்டுக்கு வரும் பாதிப்பு ஆகியன இருந்தால் அவற்றுக்கும் தனித்தனி வரி வேண்டும்.

எந்த நாளின் விலை என்ற கேள்விக்கும் தாள் பதில் சொல்ல வேண்டும். 7ஆம் பிரிவு அறிவித்தல் வர்த்தமானியில் வெளியான நாளில், விற்க விரும்பும் ஒருவர் திறந்த சந்தையில் அந்தக் காணியை விற்றால் எதிர்பார்க்கக்கூடிய விலையையே சட்டம் சந்தைப் பெறுமதியாகக் கொள்கிறது. வாங்கிய காலத்து விலையையோ, வீதி அகன்ற பின் வரப்போகும் விலையையோ எழுதினால் கணக்கு நிற்காது. வர்த்தமானியின் இலக்கத்தையும் திகதியையும் எளிய தாளிலிருந்து வெட்டிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நான் எளிமையாக எழுதியதில் பொருள் மாறிவிட்டால் பொறுப்பு யாருடையது? தமிழ்ப் பிரதியே சரியில்லாவிட்டால்?

உங்கள் தாளுக்குச் சட்ட வலு இல்லை, அதைத் தாளிலேயே எழுத வேண்டும். ஆனால் அந்த ஒரு வரியை எழுதிவிட்டதால் கவனக்குறைவு மன்னிக்கப்படும் என்று நினைக்கக் கூடாது. அயலவர் அசல் அறிவித்தலைப் பார்க்கப் போவதில்லை, உங்கள் தாளைத்தான் நம்பப் போகிறார். எனவே கடைசியில் அறிவித்தலையும் தாளையும் பக்கத்தில் வைத்து, அறிவித்தலில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் தாளில் எங்கே இருக்கிறது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். இடமில்லாமல் ஒரு நிபந்தனை மிஞ்சினால் அது பெரும்பாலும் "எழுத்து மூலம்", "இரட்டைப் பிரதி" போன்ற சிறிய சொல்லாகத்தான் இருக்கும். கோரிக்கை திருப்பி அனுப்பப்படுவதற்கு அதுவே போதும்.

7ஆம் பிரிவின் அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் வர்த்தமானியில் வெளியாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தமிழ்ப் பிரதியில் ஒரு திகதியோ துண்டு இலக்கமோ ஐயம் தந்தால் மற்ற இரண்டோடும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் நீங்களே ஒன்றைத் தெரிந்தெடுக்காமல், பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு, பதில் வரும் வரை முந்திய திகதியையே தாளில் போடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் படத்தையோ வேறு ஆவணத்தையோ கேட்கலாம். எனினும் தகவல் அலுவலர் தமது முடிவைச் சொல்ல 14 வேலை நாட்கள் வரை எடுக்கலாம் என்பதால், கோரிக்கைக்கான நாள் அதற்குள் கடந்துவிடக்கூடும். அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து கோரிக்கையைக் கொடுக்காமல் விடாதீர்கள்.

தாளில் "நல்ல விலை கேளுங்கள்", "பயப்பட வேண்டாம்" என்றெல்லாம் எழுதலாமா?

வேண்டாம். அறிவித்தல் சொல்வதும் உங்கள் அபிப்பிராயமும் ஒரே தாளில் கலந்தால், எது சட்டம், எது அயலவரின் பேச்சு என்று வாசிப்பவருக்குத் தெரியாது. ஆலோசனை தேவைப்படுபவர்களுக்குச் சட்டத்தரணி இருக்கிறார். கட்டணம் கொடுக்க இயலாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

எல்லோருக்கும் விளங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள், படித்த பிள்ளை எழுதித் தந்ததை விளங்கவில்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. அதற்குப் பதிலாகத் தாளை வாசிக்கக் கொடுத்து, வாசித்த பின் வாங்கி வைத்துக்கொண்டு, "அப்ப இனி என்ன செய்யப் போறீங்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.

"இருபத்தாறாம் திகதி கந்தோருக்குப் போகோணும், தம்பி" என்று ஒரு பெரியவர் சொன்னால் தாள் தோற்றுவிட்டது; விசாரணை நாள் இன்னும் கோரிக்கை நாளை மறைத்துக்கொண்டிருக்கிறது. "பதினெட்டுக்குள்ள கடிதம் குடுக்கோணும், ரெண்டு கொப்பி" என்று அவராகவே சொல்ல வேண்டும். மெதுவாக வாசிக்கும் ஒரு முதியவரிடமும், வெளியூரில் இருக்கும் ஒரு பங்காளியிடமும், அந்தக் காணியில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவரிடமும் கேட்டுப் பாருங்கள். மூன்றாமவர் "இது எனக்கு இல்லை" என்று சரியாகச் சொன்னால், யாருக்குரியது என்ற பகுதி வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒருவர் தடுமாறிய வரியை அவருக்கு வாயால் விளக்கிவிட்டு அப்படியே விடாதீர்கள். அந்த வரியைத்தான் மாற்ற வேண்டும்.

தாளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

படத்தோடு அதே வாசகத்தைச் செய்தியாகவும் அனுப்புங்கள். சிறிய திரையில் பெரிதாக்கி வாசிக்க முடியாதவர்களும், பேரப்பிள்ளையிடம் வாசிக்கக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தாள் கை மாறிக் கை மாறிப் போகும்போது, பழைய விசாரணைக்குரிய திகதி வேறோர் ஊரில் புதிதாகச் சுற்றத் தொடங்கும். எனவே தாளின் மேலே ஆண்டையும் கிராம சேவகர் பிரிவையும் வர்த்தமானி இலக்கத்தையும் பெரிதாக எழுதுங்கள். கடிதத்தில் போகும் தொகைகளையும் அடையாள அட்டை இலக்கங்களையும் குழுவில் போட வேண்டாம் என்றும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

விசாரணை முடிந்த பிறகு வரும் கடிதங்களுக்கும் இப்படி எழுத வேண்டுமா?

ஒரு கடிதத்துக்குக் கட்டாயம் எழுத வேண்டும். விசாரணைக்குப் பின் 17ஆம் பிரிவின் கீழ் நட்டஈட்டுத் தீர்ப்பு வரும். அதில் குறித்த தொகை போதாது என்று நினைப்பவர், தீர்ப்பு தமக்கு அறிவிக்கப்பட்டதிலிருந்து 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். இந்த 21 நாள் கடிதத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், அல்லது பிரிவு இலக்கமாக மட்டும் இருக்கும். கடிதம் கையில் கிடைத்த நாளை உறையிலேயே எழுதி வைக்கும்படியும், உறையை எறிய வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நாளை எண்ணத் தொடங்குவது அதிலிருந்துதான். 38ஆம் பிரிவு என்று தலைப்பிட்ட கட்டளை வந்தால் அது காணியைக் கையேற்பது பற்றியது. அவசரம் என்ற காரணத்தில் அது தீர்ப்புக்கு முன்னரே வரவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்குத் தாள் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே சட்டத்தரணியிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.